உத்திரத்தின் மேற்கு முனை

வாங்கப் போகிற வீட்டை ஓவர்சியரை வைத்துச் சோதித்து, குறைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டுப் பக்கம் கிடையாது. நான் செய்தேன். ஊரில் சிரித்தார்கள். "வூடு வாங்குறியா, வூட்டுக்கு வைத்தியம் பாக்குறியா டீச்சரே?" என்று மீன் விற்கிறவள் வரைக்கும் கேட்டாள். எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். அது தொழில் புத்தி.

சிரிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. அந்த மே மாதம் தோணிரேவில் நாங்கள் வாடகைக்கு இருந்த குடிசை, தெருவின் ஒரு வரிசையோடு சேர்ந்து எரிந்துபோனது. பட்டப்பகல், நல்ல காற்று, எவர் வீட்டு அடுப்பு என்பது கடைசிவரை தெரியவில்லை. கூரையிலிருந்து விழுந்த ஓலை என் கடைசிப் பெண்ணின் இடது கையைத் தோளிலிருந்து முழங்கை வரை எரித்துவிட்டது. அவளுக்கு அப்போது நான்கு வயது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தோம். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது தெருவில் எல்லோரும் மறுபடி ஓலை முடைந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கும் கொஞ்சம் கீற்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். இனி ஓலைக்குக் கீழே என் பிள்ளைகளைப் படுக்க வைக்க மாட்டேன் என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். வீம்பு என்றார்கள். வீம்புதான்.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறையில் இருந்ததால் தலைமையாசிரியர் மூன்றாம் வகுப்பு அறையைத் திறந்துவிட்டார். பெஞ்சுகளை ஒரு பக்கம் அடுக்கி, மறுபக்கம் நாங்கள் ஐந்து பேரும் இருந்தோம். ஜூன் நடுவில் பள்ளி திறந்துவிடும். அதற்குள் எங்காவது போயாக வேண்டும். அந்த நிபந்தனையைத் தலைமையாசிரியர் தயக்கத்தோடு சொன்னார், ஆனால் தெளிவாகச் சொன்னார்.

விலைக்கு வந்தது பழவேற்காட்டில் ஒரு பாயின் வீடு. தாத்தா காலத்தில் துணி வியாபாரம் செய்து கட்டியது. மெட்ராஸ் ஒட்டுக் கூரை, அதாவது தேக்கு உத்திரம், அதன் மேல் சட்டங்கள், அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும். எரியாத கூரை. எனக்கு அது ஒன்றே போதுமாயிருந்தது. பாய் மெட்ராஸ் மண்ணடியில் மகன் வைத்திருக்கும் கடையோடு போய்ச் சேர விரும்பினார். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு நாற்பதாம் நாள் ஜூன் இரண்டாம் வாரத்தில் முடிகிறது, அன்றைக்கே சாவி என்றார். இருபத்திரண்டாயிரம் கேட்டார்.

சேமநல நிதியில் எடுத்தது, என் நகைகள், என் கணவர் படகில் தன் பங்கை விற்றது, எல்லாம் சேர்த்து எங்களிடம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு இருந்தது. பத்திரச் செலவை அண்ணன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இதற்கு மேல் விற்பதற்கு எங்களிடம் பாத்திரம்கூட இல்லை, அவையும் எரிந்துபோயிருந்தன. மூவாயிரத்து ஐந்நூறு குறைந்தாக வேண்டும்.

பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் பொன்னேரியில் இருந்தார். பாயிடம் அனுமதி கேட்டு அவரை அழைத்து வந்தேன். ஒரு காலை முழுவதும் பார்த்தார். மாடியில் தண்ணீர் ஊற்றி ஓட்டம் பார்த்தார். சுவர் விரிசலில் விரல் நகத்தை விட்டார். கூடத்து உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் காரையைச் சுரண்டி, நீளமான ஊசிக் கம்பியைக் குத்திப் பார்த்தார். ஒரு வாரத்தில் ஆங்கிலத்தில் டைப் அடித்த நான்கு தாள்கள் தயாராயின. பத்தொன்பது குறைகள். செலவு பிடிக்கிற மூன்றுக்கு மட்டும் ஓரத்தில் பென்சிலால் தொகை எழுதியிருந்தார்.

அவற்றை வாங்கிவர நான் பொன்னேரிக்குப் போனபோது, "எல்லாத்தையும் சொல்லிடாதீங்கம்மா, அப்புறம் ஒண்ணும் காதுல ஏறாது" என்றார். கட்டணத்தை வாங்கிக்கொண்டு மோர் கொடுத்து அனுப்பினார்.

வகுப்பறைக் கரும்பலகையில் பத்தொன்பதையும் சாக்பீஸால் எழுதினேன். கணவர் கீழே உட்கார்ந்து பார்த்தார். அவர் நாலாவது வரைக்கும் படித்தவர். ஏரியில் இறால், கடலில் மீன், அந்தந்தக் காலத்துக்கு எது கிடைக்கிறதோ அது.

"பத்தொம்பதையும் சொல்லு. கூடையக் கொட்டுனா யாவாரி மொத்தத்தையும்தான கெளறுவான்" என்றார்.

அவர் சொன்னது எங்கள் கரை வழக்கம். இறால் கூடையைக் கொட்டியதும் வியாபாரி இருப்பதிலேயே சின்னதை எடுத்துத் தூக்கிப் பிடித்து, இதெல்லாம் இறாலா, பூச்சி என்று ஊருக்கே கேட்கக் கத்துவான். நாறிப்போச்சு என்பான். பிடித்தவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவனும் பதிலுக்குக் கத்துவான். இருவருக்கும் அது இறாலைப் பற்றிய பேச்சு அல்ல, விலையைப் பற்றிய பேச்சு. சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவார்கள். நான் அந்தக் கரையில்தான் பிறந்து வளர்ந்தேன்.

"அது கூடை, இது வூடு" என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன்.

சுவர்களில் உப்புப் பூத்திருக்கிறது. ஓவர்சியர் இதை முதலில் எழுதியிருந்தார், பொன்னேரிக்காரர். பழவேற்காட்டில் உப்புப் பூக்காத சுவர் எங்கே இருக்கிறது? அதைச் சொன்னால் பாய் சிரிப்பார். அழித்தேன். கக்கூஸ் இல்லை. முதல் நாளே கண்ணால் பார்த்துவிட்டு விலை பேச வந்தவர்கள் இப்போது அதைக் குறை என்று சொல்ல முடியாது. அழித்தேன். சமையலறைத் தரை உடைந்திருக்கிறது. எப்படியும் நான் மாற்றத்தான் போகிறேன். கதவுக் கீல், ஜன்னல் கம்பி, உடைந்த சுவிட்சு, எல்லாம் ஐந்து ரூபாய் பத்து ரூபாய் சமாச்சாரம். அவற்றைச் சொன்னால் பெரியதும் சின்னதாகத் தெரியும். கிணற்றுத் தண்ணீர் கோடையில் கரிக்கும். அதற்கு எந்த மனிதன் என்ன தள்ளுபடி தர முடியும்? அழித்தேன்.

மிஞ்சியவை மூன்று. பின்அறை ஒட்டு ஒழுகுகிறது, மேலே பதித்த தட்டோடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் போட தொள்ளாயிரம். பின்சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகத் தரை வரை விரிசல், சாக்கடைத் தண்ணீர் இறங்கி அஸ்திவாரம் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது, சரிசெய்ய ஆயிரத்து இருநூறு. கூடத்து உத்திரத்தின் மேற்கு முனை உளுத்திருக்கிறது, எழுநூறு. மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் முழுக்கத் தெரியாதவை, வீட்டைத் தாங்குபவை, செய்தே ஆக வேண்டியவை. எந்த நியாயமான மனிதனும் விலையில் கழிக்க ஒப்புக்கொள்வான்.

கூட்டினேன். இரண்டாயிரத்து எண்ணூறு வந்தது. மறுபடி கூட்டினேன். கணக்கு டீச்சருக்கு இரண்டாம் முறை வேறு விடை வருமா? மூவாயிரத்து ஐந்நூறுக்கு எழுநூறு இடித்தது. அழித்த பதினாறிலும் எழுநூறு ரூபாய் பெறுகிற குறை ஒன்றுகூட இல்லை.

"இன்னா பண்றது?" என்றார் கணவர்.

கடைசிப் பெண் பெஞ்சின் மேல் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கரும்பலகையில் அம்மா எதையோ எழுதி எழுதி அழிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு பாய் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து டீ வந்தது. உத்திரத்தில் தூளி தொங்கிக்கொண்டிருந்தது, அதில் பிள்ளை தூங்கியது. மகள் ஒரு கையால் அதை ஆட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு நான் மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன்.

பாய்க்கு ஆங்கிலம் தெரியாது. "நீங்களே படிச்சுச் சொல்லுங்க டீச்சரம்மா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஒட்டு ஒழுகலைப் படித்தேன். தொள்ளாயிரம் என்றேன். "அது உள்ளதுதான். போன மழையில நானே பக்கெட்டு வெச்சேன். கழிச்சுக்குங்க" என்றார். விரிசலைப் படித்தேன். எழுந்து போய்ப் பார்த்தார், ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். "ஆயிரத்து எரநூறு ஆவுமா? ஆவும். சாக்கடைய நான்தான் கவனிக்காம விட்டேன்" என்றார். இப்படி ஒரு மனிதரிடம் நான் பேரம் பேசியதே இல்லை. கத்தவில்லை, சத்தியம் செய்யவில்லை. உள்ளதை உள்ளது என்றார்.

பத்தொன்பதாயிரத்து தொள்ளாயிரத்தில் நின்றது. இன்னும் ஆயிரத்து நானூறு. கையிலிருந்தது எழுநூறு ரூபாய்க் குறை ஒன்று.

ஓவர்சியர் எழுதியிருந்தது இதுதான்: உத்திரத்தின் மேற்கு முனையில் சுவருக்குள் சுமார் ஒரு சாண் நீளம் உளுத்திருக்கிறது, மீதி மரம் கெட்டியாக இருக்கிறது, இப்போதைக்கு ஆபத்தில்லை, இரண்டு மூன்று வருடத்துக்குள் முட்டுக்கொடுத்து, அந்த முனைக்கடியில் கல்தாங்கி வைக்க வேண்டும்.

நான் படித்தது வேறு. "உத்தரம் மேற்கால உளுத்துப்போச்சு. மேல இருக்கிற பாரத்தத் தாங்குற சக்தி அதுக்கு இல்ல. எந்த மழையிலயும் எறங்கிடலாம். உத்தரத்தையே மாத்தணும். ரெண்டாயிரத்து எண்ணூறு ஆவும்." தாளைப் பார்த்தபடியே சொன்னேன். ஆங்கில வரியின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே சொன்னேன், வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல.

பாய் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். தேக்கும்மா இது, எங்க தாத்தா பர்மாவுல இருந்து எறக்குனது என்று ஒரு கூச்சல் வரும், நான் ஒரு படி இறங்குவேன், அவர் ஒரு படி இறங்குவார், ஆயிரத்து நானூறில் வந்து நிற்போம். பாதியைக் கழித்துக்கொள்வார் என்று நினைத்துத்தான் வேண்டியதை இரட்டிப்பாக்கிச் சொன்னேன். சொன்னதில் முழுவதையும் அப்படியே எடுத்துக்கொள்கிற ஆளிடம் நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது, இரண்டு தடவை அவர் தலையாட்டிய பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

அவர் நிமிர்ந்து உத்திரத்தைப் பார்த்தார். பிறகு தூளியைப் பார்த்தார். "புள்ளையத் தூக்கும்மா" என்றார் மகளிடம். அவள் புரியாமல் பார்த்தாள். "தூக்குமா!" என்று அதட்டினார். அந்தக் குரலில் குழந்தை விழித்து அழுதது.

"பாக்கிய நாளைக்குப் பேசிக்கலாம் டீச்சரம்மா" என்று எழுந்துவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் என் கணவர் கையைத் தட்டினார். "எறங்கிட்டாரும்மே! மொகத்தப் பாத்தியா?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வரும் வழியில் பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கினோம். அந்த முறுக்கை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பாயே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் செருப்போடு நின்றார். அடுக்கிய பெஞ்சுகளையும், கொடியில் காயும் துணியையும், கட்டுப் போட்ட கையோடு ஓடிவந்த பெண்ணையும் பார்த்தார்.

"வூட்ட உங்களுக்குக் குடுக்குறதா இல்ல டீச்சரம்மா. மூணு புள்ளைங்கள வெச்சிருக்கீங்க. வுழுவுற வூட்ட வித்துட்டுப் போனா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அல்லாவுக்கு நான் பதில் சொல்லணும்."

"முட்டுக்குடுத்தாப் போதும் பாய், நாங்க பாத்துக்கறோம். அவ்வளவு மோசம் இல்ல."

"நேத்து எந்த மழையிலயும் எறங்கும்னு படிச்சீங்களே."

"அது... ஓவர்சியருங்க கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. இடம் கிடைக்காத தவிப்பில் இந்தப் பெண்பிள்ளை வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். பொய்யை நம்பியவர், இப்போது உண்மையை நம்ப மறுத்தார். அப்போதே ஒரே வரியில் சொல்லியிருக்கலாம், நான்தான் கூட்டிப் படித்தேன் என்று. என் பின்னால் கரும்பலகை, என் பிள்ளைகள், என் கணவர். அவர் மகளுக்குப் பாடம் சொன்ன டீச்சர் நான். அவர் போய்விட்டார்.

மூன்று நாள் வேறு வீடு கேட்டு அலைந்தேன். வாடகைக்கு ஓட்டு வீடு எங்கும் இல்லை. எளாவூரில் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்றார்கள், போய்ப் பார்த்தால் ஓலை வீடு. கணவர் என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. "போய்ச் சொல்லிடும்மே" என்று மட்டும் சாப்பிடும்போதெல்லாம் சொன்னார். நான் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் இடியோடு ஒரு கோடை மழை அடித்தது. வகுப்பறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பாய் வீட்டில் இந்நேரம் என்ன நினைப்பார்கள் என்று நினைத்தேன். அதற்குமேல் தாங்க முடியவில்லை. மறுநாள் பிற்பகல் அந்த நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

தெருமுனையிலேயே சுண்ணாம்புத் தூசி தெரிந்தது. கூடத்துக்கு மேலே கூரை இல்லை. நான்கு ஆட்கள் சுவர்மேல் நின்று மிச்சச் செங்கல்லைப் பெயர்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டங்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. உத்திரத்தைக் கயிறு கட்டி இறக்கித் தெருவில் நீளமாகப் போட்டிருந்தார்கள்.

முந்தின சாயங்காலம் மழை தொடங்கியதுமே பாய் எல்லோரையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். பிரசவித்த பெண், நாற்பது நாள்கூட ஆகாத பிள்ளை, எல்லோரும் அந்த மழையில் நனைந்துகொண்டே எதிர்வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். விடிந்ததும் ஆள் பிடித்துவிட்டார். இதை எதிர்வீட்டு அம்மா எனக்குச் சொன்னாள். நான் தெரியாதவள்போல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

என் கணவர் உத்திரத்தின் பக்கத்தில் குந்தினார். படகுப் பலகையைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல் முட்டியை மடக்கி ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனார். டங் டங் என்று கேட்டது. கடைசியில் ஒரு சாண் தூரம் மட்டும் சத்தம் அமுங்கியது. விரலை வைத்துக் கிள்ளினார், கொஞ்சம் தூள் வந்தது. அதற்கு இந்தப் பக்கம் மரம் புதிதுபோலச் சிவந்திருந்தது.

பாய் தூசியோடு வெளியே வந்தார். அவரும் அந்த முனையைப் பார்த்தார். என் கையிலிருந்த தாளையும் பார்த்தார்.

"படிங்க டீச்சரம்மா" என்றார்.

படித்தேன். ஒரு சாண் என்று படித்தேன். மீதி மரம் கெட்டி என்று படித்தேன். இப்போதைக்கு ஆபத்தில்லை என்பதையும் படித்தேன். மேலே இருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"அன்னிக்கு நான் கூட்டிப் படிச்சேன் பாய். எங்ககிட்ட எழுநூறு ரூபா கொறஞ்சிது" என்றேன்.

அவர் நிமிர்ந்து கூரையில்லாத கூடத்தைப் பார்த்தார். செங்கல் குவியலைப் பார்த்தார். இனி அந்த வீட்டை அவர் யாருக்கும் விற்க முடியாது, மண்ணடிக்குப் போகவும் முடியாது. ஐப்பசி மழைக்குள் கூரையைத் திரும்பப் போட அவரிடம் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டினால் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"பள்ளிக்கூடம் எப்பத் தெறக்குறாங்க?" என்றார்.

"திங்கக்கெழம."

"புள்ளைங்கள எங்க படுக்க வெப்பீங்க?"

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தாள்களை மடித்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன்.